ஆக்சிமீட்டர் 97 காட்டினால் போதுமா? மயஸ்தீனியாவில் மாத்திரை, சாப்பாடு, மூச்சு

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. நான்கு மாதம் முன்பு, தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய் என்று சொன்னார்கள். பைரிடோஸ்டிக்மின் 60 மி.கி. நான்கு வேளை கொடுக்கிறோம், சாப்பிட்ட பிறகு: காலை 8.30, மதியம் 1.30, மாலை 5, இரவு 9. பத்து நாள் முன்பு ஸ்டீராய்டும் சேர்த்தார்கள். மூன்று நாளாக இரவுச் சாப்பாட்டில் பாதிக்கு மேல் மெல்ல முடியவில்லை, புரையேறுகிறது. ஆக்சிமீட்டரில் 97, 98 இருக்கிறது. மாத்திரை நேரத்தை மாற்றணுமா? மூச்சை வீட்டில் எப்படிக் கவனிப்பது? எப்போது ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும்?

பதில்:

நரம்பியல் வார்டிலும் ஐசியுவிலும் பல வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண் போய் நின்ற இடம் "பத்து நாள் முன்பு ஸ்டீராய்டு". அதனால் மற்றதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்றே அம்மாவின் நரம்பியல் மருத்துவரைக் கூப்பிட்டு, "ஸ்டீராய்டு தொடங்கி பத்து நாள் ஆகிறது, மூன்று நாளாகப் புரையேறுகிறது" என்று இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். ஸ்டீராய்டு இந்த நோய்க்கு நல்ல மருந்துதான். ஆனால் தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில், குணம் தெரிவதற்கு முன்னால், சிலருக்குப் பலவீனம் கூடும். ஏற்கெனவே விழுங்குவதில் சிரமம் இருப்பவர்களிடம் இதை மருத்துவர்கள் மிகக் கவனமாகப் பார்ப்பார்கள். அதற்காக நீங்களாக ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள். அதைக் குறைப்பதா, வேறு சிகிச்சை சேர்ப்பதா, அம்மாவை இரண்டு நாள் படுக்கையில் வைத்துப் பார்ப்பதா என்பது அவர் முடிவு.

அவர் கூப்பிடும் வரை நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். மாத்திரை, சாப்பாடு, மூச்சு என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அதன் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளியே வருகிறது. தசையின் பக்கம் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. மயஸ்தீனியாவில் பெரும்பாலானவர்களுக்கு உடலின் எதிர்ப்பொருள்களே இந்த ஏற்பிகளைத் தடுத்து அழிக்கின்றன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது நரம்பு முனை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாகத்தான் அசிட்டைல்கோலினை விடும். நமக்கு ஏற்பிகள் தாராளமாக இருப்பதால் அந்தக் குறைவு தெரிவதில்லை. அம்மாவுக்கு அந்த உபரி இல்லை. அதனால்தான் முதல் பத்து வாய் நன்றாக இறங்குகிறது, பதினைந்தாவது வாயில் தாடை நின்றுவிடுகிறது. மெல்லுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றுமே திரும்பத் திரும்பச் செய்கிற வேலைகள்.

பைரிடோஸ்டிக்மின் செய்வது, வெளியே வந்த அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதைந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. நோயின் வேரை அது தொடுவதில்லை, சில மணி நேரத்துக்குத் தசைக்குக் கை கொடுக்கிறது. விழுங்கி அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் வேலை தொடங்கும், ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும், மூன்று நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்ட பின் போட்டால் இந்த ஏற்றம் இன்னும் தாமதமாகும்.

இப்போது உங்கள் நேரப் பட்டியலைப் பாருங்கள். மாலை 5 மணி மாத்திரை ஆறரை, ஏழு மணிக்கு உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் அம்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார், நன்றாகவே இருப்பார். நீங்கள் எட்டேகால், எட்டரைக்குச் சாப்பாடு வைக்கும்போது அது இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாத்திரை 9 மணிக்கு. ஆக, நாளிலேயே தசை மிகவும் களைத்திருக்கும் நேரத்தில், மருந்தும் மிகக் குறைவாக இருக்கும்போது, மெல்ல வேண்டிய வேலை வருகிறது. அப்புறம் போடுகிற 9 மணி மாத்திரையின் பலன் தூக்கத்தில் போய்விடுகிறது.

மாத்திரையின் அளவையும் எண்ணிக்கையையும் தொடாமல், நேரத்தை மட்டும் இப்படி நகர்த்தலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்: காலை 7.15, சாப்பாடு 8 மணிக்கு; மதியம் 12.15, சாப்பாடு 1 மணிக்கு, மாலை 4, இரவு 7.30, சாப்பாடு 8.15க்கு. சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்னால் என்பது கணக்கு. பெரும்பாலும் சரி என்பார்கள். "சாப்பிட்ட பின்" என்று சீட்டில் எழுதுவது வயிற்று வலிக்காகத்தான். இந்த மாத்திரை குடலையும் முடுக்கிவிடும், வெறும் வயிற்றில் சிலருக்கு வயிற்றைப் பிசையும், வயிற்றால் போகும். அதற்கு முழுச் சாப்பாடு தேவையில்லை. மாத்திரையோடு இரண்டு மூன்று வாய் மென்மையான ஏதாவது உள்ளே போனால் பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

மாத்திரை சம்பந்தமாக இரண்டு சின்ன விஷயங்கள். இது ஈரத்தை இழுக்கும். வாரப் பெட்டியில் முன்கூட்டியே பிரித்து வைக்காமல், வந்த டப்பாவிலேயே மூடி வையுங்கள். இன்னொன்று, விழுங்க முடியவில்லை என்றால் சாதாரண 60 மி.கி. மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாம். மெதுவாகக் கரையும் வகை என்று ஒன்று உண்டு, அதை மட்டும் பொடிக்கவே கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் உள்ளே போய்விடும்.

சாப்பாடு நடக்கும்போது அம்மாவை நிமிர்ந்து உட்கார வையுங்கள், விழுங்கும்போது முகவாயைக் கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் இறக்கச் சொல்லுங்கள். சின்ன வாய், வாய்க்கு வாய் இடைவெளி, பேச்சு வேண்டாம். பெரிய சாப்பாட்டைக் காலைக்கும் மதியத்துக்கும் நகர்த்துங்கள், இரவு மெல்லத் தேவையில்லாத மிருதுவான உணவு. வெறும் தண்ணீர்தான் பலருக்கும் முதலில் புரையேறும், கெட்டியான பானத்தைவிட அது வேகமாகத் தொண்டையில் ஓடிவிடும். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

சாப்பாட்டை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், வீட்டில் உங்களிடம் இருக்கும் மிக நல்ல அளவுகோல் அதுதான். அம்மா ஒரு சாப்பாட்டை முடிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்து வையுங்கள். இருபது நிமிடத்தில் முடித்தவர் நாற்பது நிமிடம் எடுக்கிறார், தாடையைக் கையால் தாங்கி மெல்லுகிறார், குடித்த தண்ணீர் மூக்கு வழியே வருகிறது, சாப்பாட்டுக் கடைசியில் குரல் மூக்கால் பேசுவது போலவோ தொண்டையில் ஈரம் நிற்பது போலவோ கரகரக்கிறது என்றால், தொண்டைத் தசைகள் தோற்றுக்கொண்டிருக்கின்றன. நேரத்தை மாற்றி, மாத்திரை உச்சத்தில் இருக்கும்போதும் இதே நிலை என்றால், அது நேரக் கோளாறு இல்லை. நோயே ஏறுகிறது என்று அர்த்தம்.

மூச்சுக்கு வருகிறேன். ஆக்சிமீட்டரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைக் காவலுக்கு நிறுத்தாதீர்கள். நுரையீரல் நோயில் ஆக்சிஜன் சீக்கிரம் குறையும், அங்கே அது உதவும். மயஸ்தீனியாவில் நுரையீரலுக்கு ஒன்றும் இல்லை. அதை விரிக்கும் உதரவிதானமும் விலாத் தசைகளும்தான் சோர்கின்றன. ஒவ்வொரு மூச்சும் சிறிதாகச் சிறிதாக, முதலில் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு சேரத் தொடங்கும். விரலில் மாட்டும் கருவி அதை அளப்பதில்லை. ஆக்சிஜன் எண் 97இலேயே நின்றுகொண்டிருக்கும், தசைகள் கைவிடும் கட்டத்தில்தான் சரியும். அப்போது நேரம் மிச்சம் இருக்காது.

இன்னொரு ஏமாற்றம் முகம். மூச்சுத்திணறல் என்றால் மூக்கு விடைத்து, கழுத்து நரம்பு புடைத்து, தவித்துக்கொண்டு இருப்பார்கள் என்று நினைக்கிறோம். இந்த நோயில் தவிப்பைக் காட்டுவதற்கான தசைகளும் பலவீனம்தான். இமை தொங்கி, முகம் தளர்ந்து, அசதியாகத் தூங்கப் போகிறவர் போல இருப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இரவு நான் ஒருவரைப் பற்றி "அமைதியாக இருக்கிறார், 98 சதவீதம்" என்று குறிப்பேட்டில் எழுதினேன். இரண்டு மணி நேரத்தில் அவருக்குச் செயற்கை மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போட வேண்டி வந்தது. அந்த வரியை நான் மறக்கவில்லை.

வீட்டில் செய்யக்கூடிய அளவு, ஒரே மூச்சில் எண்ணுவது. அம்மாவை நிமிர்ந்து உட்கார வைத்து, ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், நொடிக்கு இரண்டு என்ற வேகத்தில், இடையில் மூச்சு இழுக்காமல் எண்ணச் சொல்லுங்கள். ஆரோக்கியமானவர்கள் பொதுவாக நாற்பது, ஐம்பது வரை போவார்கள். இருபதுக்குக் கீழே வந்தால் கவலைப்பட வேண்டும், பதினைந்துக்குக் கீழே என்றால் ஆபத்து. தமிழில் எண்ணும்போது இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று நீண்டுகொண்டே போய் மூச்சை வீணாக்கும். அதனால் ஒன்றிலிருந்து பத்து வரை திரும்பத் திரும்பச் சொல்லட்டும், எத்தனை பத்து ஆயிற்று என்று நீங்கள் விரல் மடக்கிக்கொள்ளுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், பிறகு மாலையில், தினமும் ஒரே முறையில் செய்து தேதியோடு எழுதுங்கள். ஒரு தனி எண்ணைவிட அவருடைய வழக்கமான எண்ணிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் முக்கியம். நாக்கு குழறினால் எண்ணிக்கை மூச்சைவிட மோசமாகத் தெரியலாம். ஆனால் நாக்கு குழறுவதே ஒரு எச்சரிக்கை என்பதால், அப்படி ஒரு பிழை நேர்ந்தாலும் நஷ்டமில்லை.

எண்ணிக்கையோடு கழுத்தையும் பாருங்கள். மல்லாந்து படுத்தபடி தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கிச் சில நொடி பிடிக்கச் சொல்லுங்கள். கழுத்தை முன்னால் வளைக்கும் தசைகளும் உதரவிதானமும் பெரும்பாலும் சேர்ந்தே சோரும். நேற்று தூக்க முடிந்த தலையை இன்று தூக்க முடியவில்லை, அல்லது உட்காரும்போது முகவாயைக் கையால் தாங்குகிறார் என்றால், கால் கை பலவீனத்தைவிட நான் அதற்குத்தான் அதிகம் பயப்படுவேன். படுக்கும்போதே வயிற்றையும் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே எழ வேண்டும். உள்ளே குழிந்தால் உதரவிதானம் வேலை செய்யவில்லை.

இதெல்லாம் எப்படிச் சேர்ந்து வருகிறது என்று காட்ட, நான் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணியின் நான்கு நாளைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 61, எடை 55 கிலோ. அவருடைய வழக்கமான எண்ணிக்கை 36. சளி, காய்ச்சல் வந்து, வேறிடத்தில் அசித்ரோமைசின் கொடுத்திருக்கிறார்கள், மயஸ்தீனியாவை மோசமாக்கக்கூடிய ஒரு ஆன்டிபயாடிக். மயஸ்தீனியா இருப்பதை வீட்டார் அங்கே சொல்லவில்லை. முதல் நாள் எண்ணிக்கை 30. இரண்டாம் நாள் காலை 27, மாலை 22. மூன்றாம் நாள் சாப்பாடு பாதியில் நின்றது, இருமல் வெறும் காற்றாக வந்தது, சளியை வெளியே தள்ளும் வேகம் இல்லை. இரவு மூன்று தலையணை வைத்துப் படுத்தார், தூக்கம் வரவில்லை என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஆக்சிமீட்டர் 96.

மகள் பயந்துபோய், மாத்திரை போதவில்லை போலிருக்கிறது என்று அன்று மூன்று மாத்திரை கூடுதலாகக் கொடுத்துவிட்டார். இதில் அவரைக் குறை சொல்லவே முடியாது. இத்தனை நாள் கைகொடுத்த மருந்தை இன்னும் கொஞ்சம் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் அளவு மீறினால் அந்த மருந்தே எச்சிலையும் மூச்சுக்குழாய்ச் சளியையும் பெருக்கும், வயிற்றைக் கலக்கும், வியர்க்க வைக்கும், தசையைத் துடிக்க வைக்கும், இன்னும் ஏறினால் தசையைப் பலவீனமாகவும் ஆக்கும். விழுங்க முடியாத ஒருவருக்கு வாய் நிறைய எச்சில் ஊறினால் அது போகும் இடம் நுரையீரல்தான். நான்காம் நாள் காலை எண்ணிக்கை 14. அப்போதுதான் கிளம்பி வந்தார்கள்.

எங்களிடம் வந்தபோது ஒரே மூச்சில் வெளியே ஊதக்கூடிய காற்றை அளந்தோம். உதடு இறுக மூடாததால் ஊதும் குழாயை விட்டுவிட்டு முகமூடி வைத்து அளக்க வேண்டியிருந்தது. 1.1 லிட்டர், அதாவது கிலோவுக்கு 20 மி.லி. ஐசியுவில் வைத்துக் கவனிக்க வேண்டிய எல்லை அது. இரண்டு மணிக்கொரு தரம் அளந்தோம். ஆறு மணி நேரத்தில் 0.85 லிட்டர், கிலோவுக்குச் சுமார் 15. காற்றை உள்ளே தள்ளும் பைபேப் முகமூடி மூச்சுக்குத் துணையாக இருந்தது, ஆனால் எச்சிலும் சளியும் ஓயாமல் வந்ததால் அதை நம்பியிருக்க முடியவில்லை. முழுதாக மூச்சு நிற்கும் வரை காத்திருக்காமல், பகல் வெளிச்சத்தில், எல்லோரும் கையில் இருக்கும்போதே குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். அப்போதும் ஆக்சிஜன் அளவு 95க்குக் கீழே போகவில்லை. பைரிடோஸ்டிக்மினை நிறுத்தினார்கள், சளி வடிந்தது. நுரையீரல் தொற்றுக்கு மயஸ்தீனியாவைத் தொடாத வேறு ஆன்டிபயாடிக். இரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்களை நீக்க, ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து முறை பிளாஸ்மா மாற்றம். ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தோம். மாத்திரையைக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கி, விழுங்கும் பரிசோதனை செய்த பிறகுதான் வாய் வழியே சாப்பாடு.

இரண்டாம் நாள் மாலை, எண்ணிக்கை 22 ஆனபோதே வந்திருந்தால் ஒருவேளை குழாய் இல்லாமல் முடிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். 36இலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது, அதுவும் இரண்டே நாளில்.

அதனால் அம்மாவுக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்பதற்கு என் பதில்: எண்ணிக்கை இருபதுக்குக் கீழே வந்தாலோ, வழக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலோ, தட்டையாகப் படுக்க முடியாவிட்டாலோ, தலை நிற்காவிட்டாலோ, இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கிப் பேசினாலோ, எச்சிலையே விழுங்க முடியாமல் துப்பினாலோ, இருமல் வலுவிழந்தாலோ, உடனே கிளம்புங்கள். இவற்றில் ஒன்றே போதும், எல்லாம் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று நாள் புரையேற்றத்தோடு இவற்றில் எதுவாவது சேர்ந்தால், மருத்துவர் திரும்பக் கூப்பிடட்டும் என்றுகூட உட்கார்ந்திருக்காதீர்கள். படுக்க வைக்காமல், உட்கார்ந்த நிலையில் ஆம்புலன்ஸில் கொண்டுபோங்கள். ஐசியு இருக்கும் ஆஸ்பத்திரியாக இருக்கட்டும். வழியில் கூடுதல் மாத்திரை வேண்டாம், வாயில் தண்ணீரும் வேண்டாம்.

அங்கே போனதும் நீங்கள் உறுதியாகச் சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, "ஆக்சிஜன் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள், மூச்சின் கொள்ளளவை அளந்து, இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடையும் பாருங்கள்." வெறும் ஆக்சிஜன் முகமூடி மாட்டினால் எண் அழகாக ஏறும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டு, தூங்க முடியாமல் அமைதியிழந்து இருப்பதைப் பார்த்து யாராவது தூக்க ஊசியோ பதற்றத்துக்கு மாத்திரையோ எடுத்தால் நிறுத்திக் கேளுங்கள். அந்த அமைதியின்மை பெரும்பாலும் மூச்சுக்காகத்தான், தூக்க மருந்து மிச்சமிருக்கும் மூச்சையும் அடக்கும்.

அதற்கு ஒரு தாள் தயாராக வையுங்கள், அம்மாவின் பையில் நிரந்தரமாக இருக்கட்டும். மேலே பெரிய எழுத்தில் மயஸ்தீனியா கிராவிஸ். கீழே இப்போதைய மருந்துகள், அளவு, போடும் நேரம், ஸ்டீராய்டு தொடங்கிய தேதி, அம்மாவின் எடை, அவருடைய வழக்கமான மூச்சு எண்ணிக்கை. அதற்குக் கீழே நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாதவை: அசித்ரோமைசின் வகை, சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை, ஜென்டமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாடிக்குகள், இரத்த நாளம் வழி ஏற்றும் மக்னீசியம், குயினைன், இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான், அதையும் எழுதுங்கள், சொட்டு மருந்தை யாரும் மருந்தாக நினைத்துச் சொல்வதில்லை. தாளின் பின்பக்கம், தினமும் எழுதி வரும் எண்ணிக்கையும் சாப்பாட்டு நிமிடங்களும். அவசரப் பிரிவில் அம்மாவை முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவருக்கு, 34, 29, 23 என்று தேதியோடு இறங்கும் அந்த வரிசை, நீங்கள் பத்து நிமிடம் விளக்குவதைவிட வேகமாகப் புரியும். இன்று மாலையே முதல் எண்ணை எழுதுங்கள்.